திருப்பிக் கொடுத்த பணமும் பிடுங்கப்பட்ட பணமும்

தீபாவளி முடிந்து நான்கு வாரம் ஆகியிருந்தது. ஜார்ஜ்டவுன் லெபோ பாசாரில் தோரணங்களைக் கழற்றிவிட்டார்கள். சேலைக் கடைகளின் வாசலில் 'கழிவு விற்பனை' அட்டைகள் தொங்கின. அங்கே ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் பித்தளை விளக்குகளும் கைத்தறிச் சேலைகளும் அடுக்கிவைத்து இணையத்தில் விற்கும் பெண்மணி, மதியச் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கும்போதுதான் கைப்பேசியைப் பார்த்திருக்கிறார். பேமெண்ட் கேட்வேயின் திரையில் அவருடைய இருப்புக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி. கீழே ஒரு வரி: மெல்பர்னுக்குப் போன 480 ரிங்கிட் ஆர்டருக்கு வாடிக்கையாளரின் வங்கி மறுப்புத் தெரிவித்திருக்கிறது, தொகை எடுக்கப்பட்டுவிட்டது, அதோடு 60 ரிங்கிட் கட்டணம்.

"அந்தக் காசை நான் ஏற்கெனவே திருப்பிக் கொடுத்துட்டேனே! மூணு வாரம் ஆச்சு. இன்னொரு தடவை எப்படி எடுப்பாங்க?" என்று கேட்கிறார் அவர். பெயரும் கடையின் பெயரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கேட்வேயோடு இன்னும் பேச்சுவார்த்தை நடக்கிறது.

எடுக்க முடியும். எடுத்தும்விட்டார்கள்.

ஒரே பணம், இரண்டு வாசல்

ரீஃபண்ட் என்பது கடைக்காரர் தன் கையால் கொடுப்பது. வாடிக்கையாளர் கேட்கிறார், கடைக்காரர் சம்மதிக்கிறார், கேட்வேயில் பொத்தானை அழுத்துகிறார். பணம் வந்த வழியிலேயே அதே அட்டைக்குத் திரும்புகிறது. எவ்வளவு, எப்போது என்பதெல்லாம் கடைக்காரர் முடிவு.

சார்ஜ்பேக்கில் அவரை யாரும் கேட்பதில்லை. வாடிக்கையாளர் கடைக்குப் பேசாமல், தனக்கு அட்டை கொடுத்த வங்கிக்குப் பேசுகிறார். அந்த வங்கி விசா அல்லது மாஸ்டர்கார்டு வலையமைப்பின் விதிப்படி, கடைக்காரருக்காகப் பணம் வசூலிக்கும் வங்கியிடமிருந்து தொகையை இழுத்துக்கொள்கிறது. வசூல் வங்கி கேட்வேயிடமும், கேட்வே கடைக்காரரிடமும் பிடிக்கின்றன. முதலில் பணம் போகும், பிறகுதான் விசாரணை. கடைக்காரருக்குத் தகவல் வரும்போது இந்தச் சங்கிலியில் நான்கு பேர் கைமாறி முடிந்திருக்கும்.

வாடிக்கையாளருக்கு இந்த உரிமை ஏன் இருக்கிறது என்று புரிந்துகொள்ள 2023 அக்டோபர் 12-ஐ நினைத்துப் பார்த்தால் போதும். பறக்கத் தொடங்கி ஓராண்டுகூட ஆகாத மைஏர்லைன் நிறுவனம் அன்று விடியற்காலையில் திடீரென்று சேவையை நிறுத்தியது. பெட்டியோடு விமான நிலையத்துக்கு வந்தவர்கள் அங்கேயே நின்றார்கள். ரீஃபண்ட் கேட்க எதிரில் ஆள் இல்லாதபோது, அட்டையில் பணம் கட்டியவர்களுக்கு மிச்சமிருந்த வழி தங்கள் வங்கியிடம் சார்ஜ்பேக் கேட்பதுதான்.

இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. கடைக்காரர் ஓடிப்போனாலோ நொடித்துப்போனாலோ சார்ஜ்பேக் தொகையை வசூல் வங்கி தன் கையிலிருந்து கட்ட வேண்டும். விற்பனையாளரை வங்கியும் கேட்வேயும் கடன் வாங்கியவரைப் பார்ப்பதுபோலப் பார்ப்பதற்குக் காரணம் இதுதான். மாடியில் விளக்கு விற்கும் பெண்மணியும் அவர்கள் கணக்கில் ஒரு குட்டி விமான நிறுவனம்.

> பெட்டிச் செய்தி: அட்டைக்கு மட்டும்தான்
>
> சார்ஜ்பேக் என்பது அட்டை வலையமைப்புகளின் ஏற்பாடு. எஃப்பிஎக்ஸ் வழியாகவோ டூயிட்நவ் க்யூஆர் வழியாகவோ வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாகப் பணம் அனுப்பியிருந்தால், 'பொருள் வரவில்லை' என்று சொல்லி அதைப் போல இழுத்துக்கொள்ள முடியாது. மோசடி என்றால் 997 என்ற எண்ணில் தேசிய மோசடி எதிர்வினை மையத்தை உடனே அழைக்கலாம். பொருளில் தகராறு என்றால் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை அது விசாரிக்கும்.

480 ரிங்கிட் எப்படி 885 ஆனது

லெபோ பாசார் பெண்மணியின் கதையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். இதில் அவர் எடுத்த ஒவ்வொரு முடிவும் நல்ல எண்ணத்தில் எடுத்தது.

2025 அக்டோபர் தொடக்கத்தில் மெல்பர்னிலிருந்து ஒரு ஜோடி குத்துவிளக்குக்கு ஆர்டர் வந்தது. 'தீபாவளிக்கு முன் வந்து சேரும்' என்று அவருடைய தளத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார். தீபாவளி அக்டோபர் 20. பார்சல் வழியில் எங்கோ தேங்கிவிட்டது. 22-ஆம் தேதி வாடிக்கையாளரான பெண் வாட்ஸப்பில் கொதித்தார். இவர் மன்னிப்புக் கேட்டு, தாமதம் தன் தவறு என்று ஒப்புக்கொண்டு, அந்தப் பெண் கொடுத்த ஆஸ்திரேலிய வங்கிக் கணக்குக்கே 480 ரிங்கிட்டை அனுப்பிவைத்தார். கேட்வே வழியாக ரீஃபண்ட் கொடுத்தால் அட்டையில் தெரிய ஐந்து முதல் பத்து வேலை நாள் ஆகும்; கோபத்தில் இருப்பவரை அவ்வளவு நாள் காக்கவைக்க வேண்டாம் என்று நினைத்தார். 29-ஆம் தேதி பார்சலும் போய்ச் சேர்ந்தது. "வச்சுக்கோங்க" என்றுகூடச் சொல்லிவிட்டார்.

அட்டை அந்தப் பெண்ணின் கணவருடையது. அவர் 21-ஆம் தேதியே தன் வங்கிக்குப் பேசி, பொருள் வரவில்லை என்று புகார் கொடுத்திருந்தார். மனைவிக்குப் பணம் வந்தது அவருக்குத் தெரியுமா, தெரிந்தும் விட்டுவிட்டாரா என்பது இங்கே யாருக்கும் தெரியாது.

கணக்கு இப்படி நிற்கிறது. விற்ற காசு 480 வங்கி வழியாகப் போய்விட்டது, ஆக வரவு பூஜ்யம். தானாக அனுப்பிய 480 தனிச் செலவு. விளக்கின் கொள்முதல் 260, அஞ்சல் 70, விற்பனையின்போதே கேட்வே எடுத்துக்கொண்ட 15 ரிங்கிட் 40 சென், மறுப்புக் கட்டணம் 60. கூட்டினால் 885 ரிங்கிட் 40 சென்.

அக்டோபர் 22 அன்றே கேட்வேக்குள் நுழைந்து ரீஃபண்ட் பொத்தானை அழுத்தியிருந்தால்? பொருளும் அஞ்சலும் ஆரம்பக் கட்டணமும் சேர்ந்து 345 ரிங்கிட் 40 சென்னோடு போயிருக்கும். வங்கியில் புகார் பதிவாகியிருந்தாலும், அதே அட்டைக்குப் பணம் திரும்பிய தடயம் வலையமைப்பிலேயே இருக்கும்; புகாரை எதிர்க்க அதைவிட வலுவான ஆதாரம் கிடையாது. அப்படி அனுப்பும் ஒவ்வொரு ரீஃபண்டுக்கும் 23 இலக்கங்கள் கொண்ட ஒரு குறிப்பு எண் உண்டு. அந்த எண்ணை வாடிக்கையாளருக்கு அனுப்பினால், அவர் தன் வங்கியிடம் கொடுத்துப் பணம் எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம். 'இன்னும் வரவில்லையே' என்று பொறுமையிழந்து புகார் கொடுப்பவர்களில் பலரை அந்த ஒரு எண்ணே நிறுத்திவிடும்.

இதற்கு நேர்மாறான சூழ்நிலை இன்னும் ஆபத்தானது. சார்ஜ்பேக் பதிவாகிக் கேட்வேயில் தெரிந்த பிறகு ரீஃபண்ட் கொடுக்கவே கூடாது. அந்தப் பணம் ஏற்கெனவே இழுக்கப்பட்டுவிட்டது. மறுபடி கொடுத்தால் இரட்டைச் செலவு. பல கேட்வேக்கள் அந்த நிலையில் பொத்தானையே மூடிவைக்கின்றன. வாடிக்கையாளர் பக்கம் நியாயம் இருந்தால் புகாரை அப்படியே 'ஏற்றுக்கொள்கிறேன்' என்று அழுத்துவதுதான் வழி. 'நீங்கள் அனுப்பிவிடுங்கள், நான் வாபஸ் வாங்கிவிடுகிறேன்' என்று வாடிக்கையாளர் சொன்னால், வாபஸ் பெற்றதற்கு அவருடைய வங்கி கொடுக்கும் கடிதத்தை முதலில் கேட்க வேண்டும்.

தவறான காகிதம்

அந்தப் பெண்மணி வழக்காடிப் பார்த்தார். கேட்வே கொடுத்த அவகாசம் சில நாட்கள்தான். பணம் அனுப்பிய ரசீதையும் வாட்ஸப் உரையாடலின் படங்களையும் ஏற்றினார். தோற்றார்.

வங்கி ஒன்றின் அட்டைப் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வுபெற்று, இப்போது ஆயர் ஈத்தாமில் இருக்கும் ஒருவரிடம் அந்தக் கோப்பைக் காட்டினோம். படித்து முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "இந்தம்மா அவங்களுக்கு எதிரான சாட்சியை அவங்களே கொடுத்துட்டாங்க" என்றார்.

ஒவ்வொரு சார்ஜ்பேக்குக்கும் ஒரு காரண எண் இருக்கும். விசாவில் 13.1 என்றால் பொருள் வரவில்லை. 13.3 என்றால் சொன்னபடி இல்லை அல்லது பழுது. 10.4 என்றால் நேரில் அட்டை காட்டாத பரிவர்த்தனையில் மோசடி. எண் எதுவோ அதற்கு மட்டும்தான் பதில் சொல்ல வேண்டும். இவருக்கு வந்தது 13.1. அதற்கு முதல் பதில், பார்சல் அக்டோபர் 29 அன்று அந்த முகவரியில் ஒப்படைக்கப்பட்டது என்ற அஞ்சல் தடப்பதிவு. அது அவர் கையில் இருந்தது. இணைக்கவில்லை. பொருளை 'வச்சுக்கோங்க' என்று சொன்ன உரையாடலைக் கொடுத்தார். அதிலேயே 'தாமதம் என் தவறுதான்' என்ற வரியும் இருந்தது. பண ரசீதில் இருந்த பெயர் மனைவியுடையது, அட்டைதாரர் கணவர். கோப்பைப் பார்க்கும் ஊழியருக்கு இந்த இருவரும் ஒரே வீடு என்று தெரிய வழியில்லை.

"இதைப் படிக்கிறவருக்குக் கதை கேக்க நேரமில்லீங்க. ஆர்டர் எண், அனுப்பிய தேதி, ஒப்படைத்த தேதி, முகவரி பொருந்துதா. முதல் பக்கத்துல இந்த நாலும் தெரியணும்" என்றார் அவர். பொருள் போய்ச் சேர்ந்த ஆதாரம் தாமதமானாலும் பயன்படும் என்கிறார். தளத்தில் போட்டிருந்த தீபாவளி வாக்குறுதி எதிராக நின்றிருக்கும், ஆனாலும் வாதாட இடம் இருந்திருக்கும்.

முதல் சுற்றில் தோற்றால் மேலே இன்னும் படிகள் உண்டு. கடைசிப் படி வலையமைப்பே நடத்தும் நடுவர் தீர்ப்பு. அதில் தோற்பவர் கட்ட வேண்டிய கட்டணம் நூற்றுக்கணக்கான அமெரிக்க டாலர். 480 ரிங்கிட் விளக்குக்காக அங்கே யாரும் போவதில்லை.

நவம்பரின் வகுத்தல் கணக்கு

இந்த 885 ரிங்கிட் ஒரு கெட்ட வாரம், அவ்வளவுதான். கடையையே ஆட்டியது அடுத்த மாதம் நடந்தது.

டிசம்பரில் மூன்று சார்ஜ்பேக்குகள் வந்தன. ஒன்று, சேலையின் நிறம் படத்தில் இருந்ததுபோல் இல்லை என்றது. இன்னொன்று திருட்டு அட்டை. மூன்றாவதுதான் வேடிக்கை: ஈப்போவில் இருக்கும் வழக்கமான வாடிக்கையாளர், அட்டை அறிக்கையில் தெரியாத பெயர் ஒன்று இருப்பதைப் பார்த்துவிட்டு, மோசடி என்று வங்கியில் சொல்லிவிட்டார். நிறுவனம் பதிவாகியிருப்பது இவருடைய அப்பா பெயரில். இன்ஸ்டாகிராமில் இருக்கும் கடைப் பெயர் வேறு. அட்டை அறிக்கையில் அப்பா பெயர்தான் அச்சானது. அந்த வரியில் கடைப் பெயரைப் போடும்படி கேட்வே அமைப்பில் மாற்றிக்கொள்ளலாம் என்பதே இவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

மூன்று என்பது பெரிய எண் இல்லைதான். அக்டோபரில் மட்டும் 320 ஆர்டர் பார்த்தவர் அவர். ஆனால் வகுக்கும் எண் அக்டோபருடையது அன்று. மாஸ்டர்கார்டின் கணக்கில் ஒரு மாதத்தின் சார்ஜ்பேக் எண்ணிக்கையை அதற்கு முந்தைய மாதத்தின் பரிவர்த்தனை எண்ணிக்கையால் வகுக்கிறார்கள். டிசம்பருக்கு முந்தையது நவம்பர். பண்டிகை முடிந்த நவம்பரில் அவருக்கு வந்த ஆர்டர்கள் 70. மூன்றை 70-ஆல் வகுத்தால் 4.3 விழுக்காடு. அதே மூன்றை 320-ஆல் வகுத்திருந்தால் ஒரு விழுக்காட்டைக்கூடத் தொடாது. அவருடைய கேட்வேயும் எல்லா அட்டைக்கும் இதே முறையைத்தான் பின்பற்றியது.

பண்டிகை வியாபாரிகள் எல்லோருக்கும் பொருந்தும் பொறி இது. விற்பனை உடனே ஏறுகிறது, புகார் ஒன்றரை இரண்டு மாதம் கழித்து வருகிறது, அப்போது வியாபாரம் படுத்திருக்கிறது. கடையின் நடத்தையில் எந்த மாற்றமும் இல்லாமலேயே விகிதம் எகிறிவிடும்.

ரீஃபண்டுக்கும் சார்ஜ்பேக்குக்கும் உள்ள உண்மையான வித்தியாசமும் இங்கேதான் இருக்கிறது. 40 பேருக்கு ரீஃபண்ட் கொடுத்தாலும் இந்த விகிதத்தில் ஒன்றுகூட ஏறாது. ஒரு சார்ஜ்பேக்கை எதிர்த்து வென்றாலும் எண்ணிக்கையிலிருந்து அது போகாது. பணம் திரும்பும், கறை நிற்கும். அதனால்தான் சின்னத் தொகைத் தகராறில், தன் பக்கம் நியாயம் இருந்தும், புகார் வங்கிக்குப் போகும் முன்பே ரீஃபண்ட் கொடுத்துவிடுவது பல நேரம் மலிவானது. கசக்கிற யோசனைதான்.

> பெட்டிச் செய்தி: வரம்புகள் யாருக்கு?
>
> மாஸ்டர்கார்டின் கண்காணிப்புத் திட்டத்தில் ஒரு கடை சிக்க, மாதம் குறைந்தது 100 சார்ஜ்பேக்கும் 1.5 விழுக்காடும் சேர்ந்து இருக்க வேண்டும். விசா 2025 ஏப்ரலில் தன் பழைய திட்டங்களை ஒன்றாக்கியது. அதில் கடைகளுக்கான கீழ் எண்ணிக்கை மாதம் 1,500. சின்னக் கடை எதுவும் அந்த எண்ணிக்கையை எட்டாது. ஆனால் விசாவின் புதிய திட்டம் வசூல் வங்கியின் மொத்தக் கணக்கையும் அளக்கிறது, அந்த வரம்பு கடைகளுக்கானதைவிட மிகக் கடுமையானது. தன் சராசரியைக் காப்பாற்ற வங்கியும் கேட்வேயும் சொந்தமாகக் கீழான வரம்பு வைத்துக்கொள்கின்றன. சின்னக் கடையைப் பிடிப்பது அந்த உள்வரம்புதான்.

பொங்கலுக்குச் சரக்கு இல்லை

டிசம்பர் மூன்றாம் வாரம் கேட்வேயிலிருந்து மின்னஞ்சல் வந்தது. இரண்டு நாளில் வங்கிக்கு வந்துகொண்டிருந்த விற்பனைப் பணம் இனி 14 நாள் கழித்து வரும். ஒவ்வொரு விற்பனையிலும் பத்து விழுக்காடு 180 நாட்களுக்குப் பிணையாக நிறுத்திவைக்கப்படும்.

மாதம் 12,000 ரிங்கிட் விற்றால் 1,200 நிற்கும். ஆறு மாதம் இப்படிப் போனால் 7,200 ரிங்கிட் எப்போதும் கேட்வே கையில் இருந்துகொண்டே இருக்கும். முதல் மாதம் பிடித்ததை ஏழாம் மாதம் விடுவிப்பார்கள், அதற்குள் புதிதாகப் பிடித்திருப்பார்கள். வேலை பார்க்கும் இரண்டு பெண்களின் சம்பளமும் மாடி வாடகையும் இந்தப் பணத்திலிருந்துதான் போக வேண்டும். பொங்கலுக்குக் காஞ்சிபுரத்திலிருந்து எடுக்க வேண்டிய சேலைக்கு முன்பணம் அனுப்ப முடியவில்லை. பழைய சரக்கைப் போட்டுத்தான் ஜனவரியை ஓட்டினார்.

இதை அநியாயம் என்று சொல்வது எளிது. கேட்வே ஒன்றின் இடர்ப் பிரிவில் இருக்கும் இளைஞர் வேறு மாதிரி பார்க்கிறார். "அக்டோபர் வித்ததுக்கு மார்ச் வரைக்கும் புகார் வரலாம் அண்ணே. அதுக்குள்ள கடை மூடிட்டாங்கன்னா நாங்கதான் கட்டணும்" என்கிறார். பொதுவான விதியில் வாடிக்கையாளருக்கு 120 நாள் அவகாசம் இருக்கிறது. பொருள் வராத புகாரில் அந்த நாட்கள், பொருள் வந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து எண்ணப்படும்.

பிணையைவிட மோசமான அடுத்த படி கணக்கை மூடுவது. அதையும் தாண்டிய ஒன்று இருக்கிறது. மாஸ்டர்கார்டு 'மேட்ச்' என்றொரு பட்டியல் வைத்திருக்கிறது. ஒரு கடையின் கணக்கை வசூல் வங்கி மூடும்போது, சார்ஜ்பேக் மிகுதி, மோசடி மிகுதி போன்ற குறிப்பிட்ட காரணங்கள் இருந்தால் கடையின் பெயரையும் உரிமையாளரின் விவரத்தையும் அதில் ஏற்ற வேண்டும். சார்ஜ்பேக் மிகுதி என்று ஏற்றுவதற்கு, ஒரே மாதத்தில் மாஸ்டர்கார்டு சார்ஜ்பேக்குகள் ஒரு விழுக்காட்டைத் தாண்டி, தொகையும் 5,000 அமெரிக்க டாலரை எட்டியிருக்க வேண்டும். ஏறிய பெயர் ஐந்தாண்டு இருக்கும். புதுக் கணக்குக்கு விண்ணப்பித்தால் எந்த வசூல் வங்கியும் முதலில் அந்தப் பட்டியலைத்தான் பார்க்கும். கடைப் பெயரை மாற்றிப் பயனில்லை, உரிமையாளர் பெயர் உள்ளே இருக்கிறது. தவறாக ஏறியிருந்தால் நீக்கச் சொல்லி, ஏற்றிய வங்கியிடம்தான் கேட்க வேண்டும்.

லெபோ பாசார் பெண்மணியின் நான்கு புகார்களும் சேர்ந்தாலும் அந்தத் தொகையை எட்டாது. அவருக்கு அந்தப் பயம் வேண்டியதில்லை. உயர்ந்த விலை நகை விற்கும் கடைக்கு, ஒரே மாதத்தில் பத்துத் திருட்டு அட்டை விழுந்தால் போதும்.

ஓடிபி தடுப்பதும் தடுக்காததும்

திருட்டு அட்டைக்கு மட்டும் ஒரு நல்ல தடுப்பு உண்டு. பணம் கட்டும்போது வாடிக்கையாளரின் வங்கியே அவரைச் சரிபார்த்தால், அதாவது ஓடிபி அல்லது வங்கிச் செயலியில் ஒப்புதல் வாங்கினால், பின்னால் 'நான் வாங்கவில்லை' என்று வரும் மோசடிப் புகாரின் பொறுப்பு பொதுவாக அந்த வங்கிக்கே போய்விடும். மலேசிய அட்டைகளுக்கு இந்தச் சரிபார்ப்பு வழக்கமாகவே நடக்கிறது. வெளிநாட்டு அட்டைகளில் இது இல்லாமல் ஆர்டர் நுழைந்துவிடக்கூடும். அந்தப் பெண்மணியின் திருட்டு அட்டை ஆர்டர் அப்படி நுழைந்ததுதான். வெளிநாட்டு அட்டைக்குச் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கும் அமைப்பு அவருடைய கேட்வேயில் இருந்தது, அணைத்து வைக்கப்பட்டிருந்தது. இப்போது போட்டுவிட்டார். சில ஆர்டர்கள் பாதியில் நின்றுபோகின்றன, அதை ஏற்றுக்கொள்கிறார்.

பொருள் வரவில்லை, நிறம் வேறு என்ற புகார்களுக்கு ஓடிபி எந்த உதவியும் செய்யாது. வாங்கியது அவர்தான் என்பதை மட்டுமே அது நிரூபிக்கும்.

தளத்திலிருந்த 'தீபாவளிக்கு முன் வந்து சேரும்' என்ற வரியையும் அவர் எடுத்துவிட்டார். அதற்குப் பதிலாக வெளிநாட்டு ஆர்டருக்குக் கடைசித் தேதி ஒன்று போட்டிருக்கிறார். 2026 தீபாவளி நவம்பர் 8-இல் வருகிறது. நவம்பர் 5-க்குள் சேர வேண்டிய பார்சலுக்கு 120 நாள் என்று எண்ணினால் 2027 மார்ச் 5 வரை புகார் வர வழியிருக்கிறது. தீபாவளி வரவில் ஒரு பங்கை அந்தத் தேதிவரை தொடாமல் வைக்கத் தனி வங்கிக் கணக்கு ஒன்றைத் திறந்திருக்கிறார் அவர்.